தத்து மகளா, வளர்ப்பு மகளா?

கேள்வி: எனக்கு 36 வயது. என்னைப் பெற்றவர் என் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை. அம்மா, அப்பாவுக்குக் குழந்தை இல்லாததால் 1991-ல், எனக்கு இரண்டு வயதானபோது, வீட்டில் உறவினர்களைக் கூட்டி என்னைத் தத்துக் கொடுத்தார்கள். முத்திரைத்தாளில் பத்திரம் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், இரண்டு சாட்சிகளும் உண்டு. பதிவு செய்யவில்லை. 1996-ல் தம்பி பிறந்தான். அப்பா 2024 பிப்ரவரியில் உயில் எழுதாமல் காலமானார். அவர் வாங்கிக் கட்டிய வீடு (60 லட்சம் பெறும்), தாத்தா வழியில் வந்த இரண்டு ஏக்கர் (40 லட்சம்), வங்கியில் 12 லட்சம் டெபாசிட் இருக்கின்றன. டெபாசிட்டுக்குத் தம்பி நாமினி. வாரிசுச் சான்றில் என் பெயரை விட்டுவிட்டான். "தத்து வந்தவளுக்குப் பூர்வீகத்தில் பங்கு கிடையாது, ஐந்து லட்சம் தருகிறேன், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். மறுத்தால் அம்மாவை வைத்துத் தத்தையே ரத்து செய்துவிடுவானாம். அம்மா அவனோடு இருக்கிறார், எதிலும் தலையிட மாட்டேன் என்கிறார். அப்பாவைப் பெற்ற பாட்டி அத்தை வீட்டில் இருக்கிறார். எனக்குச் சட்டப்படி என்ன உண்டு?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்:

முதலில் தம்பியின் அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். போனையும் மாற்றாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது பங்கின் அளவு பற்றி. அதில் சட்டத்துக்குச் சந்தேகமே இல்லை. இந்து தத்தெடுத்தல் மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956-ன் 12-ம் பிரிவுப்படி, தத்தெடுக்கப்பட்ட நாளிலிருந்து அந்தக் குழந்தை எல்லா விஷயங்களுக்கும் தத்தெடுத்தவர்களின் குழந்தைதான். பிறந்த குடும்பத்தோடு இருந்த உறவு அன்றே அறுந்துவிடுகிறது. வாரிசுரிமைச் சட்டத்தில் "மகன்", "மகள்" என்று வரும் இடமெல்லாம் தத்து மகனும் தத்து மகளும் அடக்கம். தம்பிக்கு எவ்வளவோ உங்களுக்கும் அவ்வளவு, ஒரு ரூபாய்கூடக் குறையாது. உங்களுக்குப் பிறகு தம்பி பிறந்தது உங்கள் தத்தைப் பாதிக்காது. தத்தெடுத்த நாளில் அப்பாவுக்கு மகளோ, மகன் வழிப் பேத்தியோ உயிரோடு இருந்தார்களா என்பதை மட்டுமே சட்டம் பார்க்கிறது. அன்றைக்கு யாரும் இல்லை. நீங்கள் திருமணமாகிப் போயிருந்தாலும் எதுவும் குறையாது.

தம்பி சொல்லும் கதை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1956-க்கு முந்தைய இந்து சட்டத்தில், தத்தெடுத்த பிறகு சொந்த மகன் பிறந்தால் தத்து மகனின் பங்கு சுருங்கிவிடும். சென்னை மாகாணத்தில் அது மொத்தச் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று இருந்தது. அதுவும் எல்லோருக்கும் அல்ல. அன்றைய நீதிமன்றங்கள் சூத்திரர் என்று வகைப்படுத்திய சமூகங்களில் இருவருக்கும் சரிபங்குதான். அந்தச் சட்டம் போய் ஏறக்குறைய எழுபது வருடம் ஆகிறது. ஊர்ப் பஞ்சாயத்துகளில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். இதில் நீங்களும் தம்பியும் ஒரே ஆளை மறந்துவிட்டீர்கள். பாட்டியைத்தான் சொல்கிறேன்.

உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன் 8-ம் பிரிவுப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சொத்து போகிறது. உங்கள் வீட்டில் அந்த வகுப்பில் நான்கு பேர் வருகிறார்கள்: மனைவி, மகன், மகள், இறந்தவரைப் பெற்ற தாய். ஆளுக்கு ஒரு பங்கு. எனவே வீட்டில் கால் பங்கு, நிலத்தில் கால் பங்கு, டெபாசிட்டில் கால் பங்கு உங்களுக்கு. நீங்கள் எழுதிய மதிப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் மொத்தம் 1 கோடியே 12 லட்சம். உங்கள் பங்கு 28 லட்சம். தம்பி தருகிறேன் என்பது 5 லட்சம். பாட்டியும் ஒரு வாரிசு என்பதால், அவர் பெயரும் விடுபட்டிருந்தால் அந்த வாரிசுச் சான்று உங்கள் விஷயம் ஒருபுறம் இருக்க, அந்த வகையிலும் குறையுள்ளதுதான்.

நிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "பூர்வீகம்" என்ற வார்த்தையைச் சொன்னதும் எல்லோரும் பயந்துவிடுகிறார்கள். தாத்தா கையிலிருந்து வந்ததெல்லாம் சட்டத்தின் கண்ணில் பூர்வீகச் சொத்து ஆகாது. அந்த நிலத்தை வாங்கியவர் யார், தாத்தா எப்போது இறந்தார், அப்பாவுக்கு எந்தப் பத்திரத்தின் வழியாக வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். உதாரணமாக இப்படி வைத்துக்கொள்வோம். தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் ஆறு ஏக்கர் வாங்கினார். 1998-ல் உயில் இல்லாமல் இறந்தார். பாட்டி, அப்பா, அத்தை மூவரும் ஆளுக்கு இரண்டு ஏக்கர் என்று பதிவு செய்து பாகம் பிரித்துக்கொண்டார்கள். அப்படியானால் அப்பாவுக்கு வந்த இரண்டு ஏக்கர் அவருடைய தனிச் சொத்து. பிறப்பால் யாருக்கும் அதில் பங்கு கிடையாது, தம்பிக்கும் கிடையாது. வாரிசுரிமைச் சட்டத்தின் அதே 8-ம் பிரிவுப்படி தந்தையிடமிருந்து ஒருவருக்கு வரும் சொத்து அவருடைய தனிச் சொத்தாகிறது என்பதை உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது.

சரி, நிலம் உண்மையிலேயே கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தாகவே இருக்கட்டும். அப்போதும் தம்பிக்கு உதவாது. மகன் பிறந்த நாளில் பங்காளி ஆகிறான். தத்து வந்தவர் தத்து நாளில் பங்காளி ஆகிறார். 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளும் பங்காளிதான். இரண்டுக்கும் இருக்கும் ஒரே வித்தியாசம் தேதிதான். தத்துக்கு முன்பே வேறொருவர் கைக்குப் போய்விட்ட சொத்தைத் தத்து வந்தவர் பிடுங்க முடியாது, அவ்வளவே. தாத்தா இறப்பதற்கு முன்பே உங்கள் தத்து நடந்திருந்தால் அந்தக் கேள்விகூட எழாது. பாகப் பிரிவினைப் பத்திரம் இருந்தால், அத்தையிடமோ, பத்திரப் பதிவு அலுவலகத்திலோ அதன் நகல் கிடைக்கும். முதல் வேலையாக அதை வாங்கிப் படித்துவிடுங்கள். என் உதாரணத்தோடு அது ஒத்துப்போனால் நிலத்தைப் பற்றிய வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

பாட்டி சம்பந்தமாக இன்னொன்றும் உண்டு. தத்து உறவு அப்பாவோடு நின்றுவிடுவதில்லை, பாட்டி வரைக்கும் போகிறது. நாளை பாட்டி உயில் இல்லாமல் காலமானால், அவருடைய சொத்தில் பாதி அத்தைக்கு, பாதி அப்பாவின் கிளைக்கு. அந்தக் கிளையில் இருப்பது நீங்களும் தம்பியும். ஆளுக்குக் கால் பங்கு. அம்மாவுக்கு, மருமகள் என்ற முறையில், அதில் பங்கு வராது. அப்பாவிடமிருந்து பாட்டிக்கு வந்த கால் பங்கும் இதே வழியில்தான் பிரியும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. உங்களைப் பெற்ற சித்தி, சித்தப்பா சொத்தில் வாரிசு முறையில் உங்களுக்கு எதுவும் கிடையாது. அவர்களாக உயிலோ செட்டில்மெண்டோ எழுதினால் வாங்கிக்கொள்ளலாம். தம்பி நாளைக்கு "பெற்றவர் வீட்டில் போய்க் கேள்" என்று சொல்லத்தான் செய்வான், எனவே இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

"ரத்து செய்துவிடுவேன்" என்பது வெறும் மிரட்டல். சட்டப்படி நடந்த தத்தை எடுத்தவர்களும் ரத்து செய்ய முடியாது, வேறு யாரும் செய்ய முடியாது, தத்து வந்தவரே உதறிவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பவும் முடியாது. தத்தெடுத்தல் சட்டத்தின் 15-ம் பிரிவில் இது தெளிவாக இருக்கிறது. அம்மா இன்று ஒரு ரத்துப் பத்திரம் எழுதினாலும் அது செல்லாது.

இவ்வளவும் உங்களுக்குச் சாதகம். இனிச் சொல்லப்போவதுதான் வழக்கில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் விஷயம்.

உங்கள் தம்பி இன்னும் வக்கீலைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் "தத்து வந்தவளுக்குப் பங்கு கிடையாது" என்று எழுதியிருக்க மாட்டான். அந்த ஒரு வரியில் நீங்கள் தத்து வந்தவர் என்று அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான். பங்கே இல்லாதவரிடம் எதற்கு விடுதலைப் பத்திரம் கேட்கிறான் என்றும் நீதிமன்றம் யோசிக்கும். அவன் வக்கீலைப் பார்த்த மறுநாள் பேச்சு மாறும். "தத்தே நடக்கவில்லை, பெரியம்மா வீட்டில் பிள்ளையை வளர்த்தார்கள், அவ்வளவுதான்" என்று வரும். தத்து மகளின் பங்கைக் குறைக்க எந்தச் சட்டமும் இல்லாததால், தத்தையே இல்லை என்று சொல்வதுதான் அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி. இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் தத்து மகளா, வளர்ப்பு மகளா என்ற இடத்துக்குத்தான் வந்து நிற்கும். வளர்ப்பு மகளுக்கு வாரிசுரிமை கிடையாது. எத்தனை வருடம் சோறு போட்டு, படிக்க வைத்து, கல்யாணம் செய்து கொடுத்திருந்தாலும் கிடையாது.

இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான ஒரு வழக்கில் நிலைமை கிட்டத்தட்ட உங்களுடையது மாதிரியேதான் இருந்தது. சிறு வயதில் பெற்றோரை இழந்த பெண்ணை அவருடைய உறவினர்கள் வளர்த்தார்கள். பள்ளிச் சான்றுகளிலும் அரசுப் பதிவுகளிலும் வளர்த்தவர்களே பெற்றோர் என்று இருந்தது. ஆனால் வளர்த்த தாயே, "வளர்த்தோம், தத்தெடுக்கவில்லை" என்று சாட்சி சொன்னார். அந்தப் பெண்ணின் பாட்டியும் வளர்க்கத்தான் கொடுத்தோம் என்றார். கொடுத்து வாங்கும் சடங்கு நடந்ததற்கும், மனைவி சம்மதித்ததற்கும் ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் அந்தப் பெண்ணின் கோரிக்கையை ஏற்கவில்லை. சான்றிதழ்களில் இருக்கும் தகப்பன் பெயர் மட்டும் தத்தை நிரூபித்துவிடாது.

சட்டம் கேட்பது என்ன? ஒன்று, குழந்தையைப் பெற்றவர்கள் உண்மையாகவே கையில் கொடுத்து, எடுப்பவர்கள் வாங்கியிருக்க வேண்டும். தத்த ஹோமம் கட்டாயமில்லை. மடியில் உட்கார வைத்துக் கொடுத்தாலே போதும், ஆனால் கொடுத்தல் வாங்கல் நடந்திருக்க வேண்டும். இரண்டு, மனைவி உயிரோடு இருக்கும் ஆண் தத்தெடுத்தால் மனைவியின் சம்மதம் வேண்டும். சடங்கு நடந்த இடத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தார் என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று 2011-லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மூன்று, குழந்தைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது, ஏற்கெனவே வேறு யாரும் தத்தெடுத்திருக்கக் கூடாது. ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுத்தால் 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். இந்த மூன்றாவது வகையில் உங்களுக்குச் சிக்கல் இருக்க வாய்ப்பில்லை. அப்பாவின் பிறந்த ஆண்டை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

முதல் இரண்டுக்கும் உங்கள் கையில் இருப்பது அந்த 1991 பத்திரம். பதிவு செய்யாத தத்துப் பத்திரம் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தத்துக்குப் பத்திரமே கட்டாயமில்லை, பதிவு எங்கே கட்டாயம்? ஆனால் பதிவு செய்திருந்தால் பெரிய வசதி இருந்திருக்கும். கொடுப்பவரும் எடுப்பவரும் கையெழுத்திட்டுப் பதிவான பத்திரம் இருந்தால், தத்து சட்டப்படி நடந்தது என்று நீதிமன்றம் முதலிலேயே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் தலைவலி. இப்போது அந்தச் சுமை உங்கள் தோளில் இருக்கிறது.

"இப்போது போய்ப் பதிவு செய்துவிடலாமே" என்று உங்களுக்கு யாராவது யோசனை சொல்லலாம். எழுதிய நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம் கிடைக்கும். அந்தக் கெடு 1990-களிலேயே முடிந்துவிட்டது. புதிதாக ஒரு உறுதிப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தாலும், எடுத்தவரான அப்பாவின் கையெழுத்து அதில் இருக்கப்போவதில்லை, அதனால் அந்தச் சலுகை வராது. என்னிடம் வந்த ஒரு வழக்கில், எடுத்தவர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தை அழகாகப் பதிவு செய்திருந்தார்கள். கொடுத்தவர் கையெழுத்து இல்லை. பதிவுக்காகச் செலவழித்த பணத்தால் அவர்களுக்கு ஒரு பலனும் கிடைக்கவில்லை.

உங்களுக்கு வேறொரு வழி திறந்திருக்கிறது. பத்திரம் எழுதி 30 வருடம் தாண்டிவிட்டது. முப்பது ஆண்டு பழைய ஆவணம், அது இருக்க வேண்டிய நியாயமான இடத்திலிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்தும் சாட்சிக் கையெழுத்தும் உண்மையானவை என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியமும் இதை வைத்திருக்கிறது. கவனிக்க வேண்டியது, கையெழுத்து உண்மை என்பது வரைக்கும்தான் இந்தச் சலுகை. பத்திரத்தில் எழுதியிருப்பது நடந்ததா என்பதைத் தனியாகத்தான் காட்ட வேண்டும். அந்தப் பத்திரம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அம்மாவின் பீரோவில் இருந்தால் இன்றே பேசி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அசலைக் கொடுக்கத் தயங்கினால், இரு பக்கமும் படமாவது எடுத்து வையுங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் விற்றவர் முத்திரையும் தேதியும் இருக்கும், அதுவும் தேவைப்படும்.

அடுத்தது சாட்சிகள். இங்கே எனக்குப் பெரிய கவலை அம்மாதான். தலையிட மாட்டேன் என்று இன்று சொல்பவர், நாளை எதிர்தரப்பின் முதல் சாட்சியாகக் கூண்டில் ஏறலாம். அந்த 2020 வழக்கைக் கவிழ்த்ததும் தாயின் சாட்சியம்தான். உங்களுக்குள்ள வித்தியாசம், உங்கள் அம்மா 1991 பத்திரத்தில் தானே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதனால் சம்மதம் இல்லை என்றோ, தத்து நடக்கவில்லை என்றோ அவர் இப்போது சொன்னால் குறுக்கு விசாரணையில் நிற்பது கஷ்டம். இருந்தாலும் அம்மாவைச் சாட்சிக் கூண்டில் மடக்குவதைவிட இப்போது பேசுவது நல்லது. பங்கு பற்றிப் பேச வேண்டாம். அன்று என்ன நடந்தது, யார் வந்தார்கள், எங்கே வைத்துக் கொடுத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

கொடுத்தவர் என்ற முறையில் சித்தியின் சாட்சியம் உங்களுக்கு மிக முக்கியம். பத்திரத்தின் இரண்டு சாட்சிகளில் யாராவது உயிரோடு இருந்தால் அவரும். சடங்குப் புகைப்படம் இருந்தால் நெகடிவ் உள்பட எடுத்து வையுங்கள். பள்ளிச் சான்று, குடும்ப அட்டை, அப்பாவின் பணிப் பதிவேடு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் துணைக்கு வரும். தனியாக நின்றால் போதாது, பத்திரத்தோடும் வாய்மொழிச் சாட்சியத்தோடும் சேர்ந்தால் பலம் பெறும். 1970-ல் ஒரு பழைய தத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: பல பத்தாண்டுக்கு முன் நடந்த தத்துக்கு நேரடிச் சாட்சி கிடைக்காமல் போகலாம், நெடுங்காலம் குடும்பமும் ஊரும் தத்துப் பிள்ளையாகவே நடத்தியிருந்தால் அதற்கு மதிப்புண்டு. உங்கள் பிறப்புச் சான்றில் சித்தி, சித்தப்பா பெயர் இருந்தால் தம்பி தரப்பு அதைக் காட்டும். அதற்காகக் கலங்க வேண்டாம். தத்து வந்த குழந்தைக்குப் பிறப்பு வேறு வீட்டில்தானே!

இப்போது தம்பி ஓடக்கூடிய வழிகளை அடைக்க வேண்டும். வாரிசுச் சான்றில் உங்கள் பெயர் விடுபட்டதை வட்டாட்சியரிடமும், தேவைப்பட்டால் வருவாய்க் கோட்டாட்சியரிடமும் எழுத்து மூலம் ஆட்சேபியுங்கள். தத்து உண்டா இல்லையா என்ற தகராறை வருவாய்த் துறை தீர்க்காது, சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார்கள். ஆனாலும் ஆட்சேபணை பதிவில் இருக்கட்டும். வாரிசுச் சான்று யாருக்கும் சொத்துரிமை தருவதில்லை, அதில் பெயர் இல்லாததால் உங்கள் பங்கும் போய்விடாது. ஆபத்து வேறு. அந்தச் சான்றை வைத்து அம்மா தன் பங்கைத் தம்பிக்கு எழுதிக் கொடுக்கலாம், அவன் முழு வீட்டையும் விற்கப் பார்க்கலாம். அம்மா தன் கால் பங்கை யாருக்குக் கொடுத்தாலும் உங்களால் தடுக்க முடியாது. அது அவர் சொத்து. உங்கள் கால் பங்கை யாரும் விற்க முடியாது, ஆனால் வாங்கியவரோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஆகவே மாதம் ஒருமுறை வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள்.

நாமினி என்றால் பணம் அவனுக்கே என்று அர்த்தமில்லை. வங்கி அவனிடம் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு முடிகிறது, அவ்வளவுதான். மற்ற வாரிசுகளுக்கு அவன் கணக்குச் சொல்ல வேண்டும். வங்கிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஆனால் நீதிமன்றத் தடை இல்லாமல் கடிதத்தால் மட்டும் வங்கி நிறுத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வழக்கு என்று வந்தால் அது பாகப் பிரிவினை வழக்கு. அதில் நீங்கள் தத்து மகள்தான் என்று நீதிமன்றம் அறிவிக்கக் கேட்கும் விளம்பக் கோரிக்கையும் சேர்க்கச் சொல்வேன். பாட்டியையும் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டும். முதலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை வரும், பிறகு அளந்து பிரிக்க இறுதித் தீர்ப்பாணை. கூட்டு வாரிசுகளுக்குள் பங்கு கேட்க அவசரக் காலக்கெடு இல்லை என்பார்கள், ஓரளவு உண்மை. ஆனால் தம்பி தத்தே நடக்கவில்லை என்று எழுத்தில் மறுத்துவிட்டால், விளம்பக் கோரிக்கைக்கு அன்றிலிருந்து மூன்று ஆண்டுதான் என்று வைத்துக்கொண்டு செயல்படுங்கள். வாட்ஸ்அப் செய்தியை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய மின்னணு ஆவணத்துக்கான சான்று வேண்டும், அசல் போனும் கையில் இருப்பது நல்லது. முதலில் போனை மாற்றாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

அப்புறம் ஒன்று. "உயில் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தகைய தகராறுகளில் திடீரென்று ஒரு உயில் முளைப்பது எனக்குப் புதிதல்ல. அப்பா தன் தனிச் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதியிருக்கலாம், தத்து எடுத்ததால் அந்த உரிமை குறையாது. சொந்த மகனையும் அப்படி ஒதுக்கலாம். அப்படி ஒன்று வந்தால், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்களா, அப்பா அப்போது எந்த உடல்நிலையில் இருந்தார், கையெழுத்து அவருடையதா என்று பார்க்க வேண்டும். அது தனி விவகாரம், வந்தால் எழுதுங்கள்.

இங்கே சொன்னது இந்துக் குடும்பத்துக்குள் நேரடியாக நடக்கும் தத்துக்கு. குழந்தைகள் இல்லத்திலிருந்து சிறார் நீதிச் சட்டத்தின்படி எடுத்தால், எந்த மதத்தினர் என்றாலும் உத்தரவே ஆதாரம். முன்பு நீதிமன்றம் தந்தது, 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் தருகிறார். அங்கே கொடுத்தார்களா, வாங்கினார்களா என்ற தகராறே வராது.

தம்பிக்கு இப்போது பதில் எதுவும் அனுப்ப வேண்டாம். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தும் வேண்டாம். சித்திக்கு வயது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. எழுபதைத் தாண்டியிருந்தால், வழக்குப் போட்டதும் அவரை முன்கூட்டியே விசாரிக்கவோ, வீட்டுக்கே ஆணையரை அனுப்பிச் சாட்சியம் பதிவு செய்யவோ மனு போடச் சொல்லி உங்கள் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் போய்ப் பாருங்கள். அன்று யார் மடியிலிருந்து யார் மடிக்கு நீங்கள் போனீர்கள் என்று அவர் வாயாலேயே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.